நேர்க்கம்பி அருகே ஒரு செவ்வக வளையம்: நான்கு பக்கமும் இழுத்தால் ஜெயிப்பது யார்?

2016 மே 1-ம் தேதி நடந்த மருத்துவ நுழைவுத் தேர்வில், அதாவது பின்னர் நீட் முதல் கட்டம் என்று ஏற்கப்பட்ட தேர்வில், இயற்பியல் பகுதியில் ஒரு சின்ன படம் வந்தது. நீளமான ஒரு நேர்க்கம்பி. அதன் பக்கத்தில், அதே தளத்தில், ஒரு சதுர வளையம். கம்பியில் I என்ற மின்னோட்டம், வளையத்தில் i என்ற மின்னோட்டம். சதுரத்தின் பக்கம் L. கம்பிக்கும் அருகில் உள்ள பக்கத்துக்கும் இடைவெளி L/2. வளையத்தின் மீது செயல்படும் நிகர விசை என்ன?

நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருந்தன. சரியாகத் தொட்டால் 4 மதிப்பெண், தவறாகத் தொட்டால் ஒன்று போகும். கணக்கு என்று பார்த்தால் இரண்டு வரிதான். ஆனாலும் இன்றுவரை பயிற்சி வகுப்புகளில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. காரணம், தவறான விடைகள் சும்மா போட்டவை அல்ல. மாணவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குவார்களோ, சரியாக அந்த இடத்தில் போய் நிற்கின்றன.

அந்தச் சறுக்கல் எங்கே நடக்கிறது, உண்மையில் அந்த வளையத்துக்கு என்ன ஆகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

"மூடிய வளையத்தில் விசை பூஜ்யம்தானே?"

பிளஸ் டூ படித்தவர்களுக்கு இந்த வரி நினைவிருக்கும்: காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட மூடிய மின்சுற்றின் மீது நிகர விசை பூஜ்யம், திருப்பு விசை மட்டுமே இருக்கும். மின் மோட்டார் பாடத்தில் இதைத்தான் படிக்கிறோம். அப்படின்னா இங்கே மட்டும் ஏன் விசை வருகிறது?

அந்த வரியில் பலர் மறந்துவிடும் ஒரு சொல் இருக்கிறது: 'சீரான'. சீரான காந்தப்புலத்தில் மட்டும்தான் அந்த விதி பொருந்தும். சீரான புலம் என்றால், வளையத்தின் இந்த ஓரத்திலும் அந்த ஓரத்திலும் புலத்தின் அளவும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். நேர்க்கம்பியைச் சுற்றியுள்ள புலம் அப்படிப்பட்டது அல்ல. கம்பிக்கு அருகில் வலுவாகவும், தள்ளிப் போகப் போக பலவீனமாகவும் இருக்கும்.

எவ்வளவு வேகமாகக் குறைகிறது? தூரம் இரண்டு மடங்கானால் புலம் பாதி. தூரம் ஐந்து மடங்கானால் புலம் ஐந்தில் ஒரு பங்கு. சூத்திரமாக எழுதினால்:

B = μ₀I / 2πr

இதில் r என்பது கம்பியிலிருந்து உள்ள தூரம். μ₀ என்பது வெற்றிடத்தின் உட்புகுதிறன். μ₀/2π என்ற பகுதியின் மதிப்பு 2 × 10⁻⁷. இந்த ஒரு எண் தெரிந்தால் போதும், மீதிக் கணக்கெல்லாம் வெறும் பெருக்கல்தான்.

கையில் பிடித்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நேர்க்கம்பியில் 10 ஆம்பியர் நேர் மின்னோட்டம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் புலம் 100 மைக்ரோடெஸ்லா. சென்னையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா என்பதால், அந்த இடத்தில் ஒரு திசைகாட்டியை வைத்தால் முள் நிச்சயம் கம்பியின் பேச்சைத்தான் கேட்கும். ஆனால் 10 செ.மீ. தள்ளிப் போனால் புலம் 20 மைக்ரோடெஸ்லாவுக்கு இறங்கிவிடும். அங்கே பூமியின் கை ஓங்கிவிடும்.

இந்த 100-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் மொத்தக் கதையும்.

நான்கு பக்கங்களையும் தனித்தனியாகக் கேட்போம்

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் நேர்க்கம்பி. அதில் மின்னோட்டம் மேல்நோக்கிப் போகிறது. வலப்பக்கத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். அதில் மின்னோட்டம் கடிகாரச் சுற்றில் போகிறது. அதாவது கம்பிக்கு அருகில் உள்ள பக்கத்தில் மேலே ஏறி, மேல் பக்கத்தில் வலப்புறம் போய், தூரத்துப் பக்கத்தில் கீழே இறங்கி, அடிப்பக்கம் வழியாகத் திரும்புகிறது.

இப்போது வலது கை. பெருவிரலை கம்பியின் மின்னோட்டத் திசையில் மேல்நோக்கி வைத்து மற்ற விரல்களை மடக்கினால், கம்பியின் வலப்பக்கத்தில் விரல்கள் தாளுக்குள்ளே நுழையும். ஆக, வளையம் இருக்கும் இடம் முழுக்கப் புலம் தாளுக்குள் நோக்கித்தான் இருக்கிறது. திசை எல்லா இடத்திலும் ஒன்று. அளவுதான் மாறுகிறது.

அடுத்து, ஃபிளெமிங் இடது கை விதி. சுட்டுவிரல் புலத்தின் திசையில், நடுவிரல் மின்னோட்டத்தின் திசையில் வைத்தால் பெருவிரல் விசையைக் காட்டும். நான்கு பக்கத்துக்கும் செய்து பாருங்கள்.

அருகில் உள்ள பக்கம்: விசை இடப்புறம், கம்பியை நோக்கி.

தூரத்துப் பக்கம்: விசை வலப்புறம், கம்பியை விட்டு விலகி.

மேல் பக்கம்: விசை மேல்நோக்கி.

அடிப்பக்கம்: விசை கீழ்நோக்கி.

கவனித்தீர்களா? நான்கு விசைகளும் வெளிநோக்கியே இருக்கின்றன. நான்கு பேர் ஒரு போர்வையின் நான்கு ஓரத்தைப் பிடித்து இழுப்பது மாதிரி, வளையம் எல்லாப் பக்கமும் விரியப் பார்க்கிறது. வளையத்தின் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் நான்கு விசைகளும் உள்நோக்கித் திரும்பும். அப்போது வளையம் சுருங்கப் பார்க்கும்.

கை விதி குழப்பமாக இருந்தால் இன்னொரு எளிய வழி உண்டு. 1820-ல் பாரிஸில் ஆம்பியர் சோதித்துக் காட்டியது இது: ஒரே திசையில் மின்னோட்டம் ஓடும் இணைக் கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கும், எதிர்த்திசையில் ஓடினால் விலக்கும். மின் துகள்களின் 'ஒத்தவை விலக்கும்' விதியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே நிலைமை நேர் எதிர். அருகு பக்கத்தின் மின்னோட்டம் கம்பியின் திசையிலேயே போகிறது, அதனால் ஈர்ப்பு. தூரத்துப் பக்கம் எதிர்த்திசை, அதனால் விலக்கம். முடிந்தது.

மேலும் கீழும் அடித்துக்கொண்டு போகின்றன, ஆனால் பூஜ்யம் அல்ல

மேல், அடிப் பக்கங்களைப் பற்றிப் பேசும்போது பலரும் "அதுல விசையே இல்லை, விட்டுடு" என்று தாண்டிவிடுவார்கள். விடை சரியாக வந்துவிடும். ஆனால் சொன்ன காரணம் தவறு.

மேல் பக்கத்தில் விசை இருக்கிறது. அது பக்கம் முழுக்க ஒரே அளவாகவும் இல்லை. கம்பிக்கு அருகில் உள்ள முனையில் அதிகம், தூரத்து முனையில் குறைவு. அடிப்பக்கத்திலும் அப்படியே. முக்கியம் என்னவென்றால், மேல் பக்கத்தில் கம்பியிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் ஒரு துண்டை எடுத்தால், அடிப்பக்கத்திலும் அதே 3 செ.மீ. தூரத்தில் ஒரு துண்டு இருக்கும். இரண்டுக்கும் புலம் ஒன்று, மின்னோட்டம் எதிர்த்திசை. எனவே ஒன்றின் மீது மேல்நோக்கி எவ்வளவு விசையோ, மற்றதன் மீது கீழ்நோக்கி அவ்வளவு விசை. இப்படித் துண்டுக்குத் துண்டு ஜோடி சேர்ந்து கழிந்துவிடுகிறது.

இந்த ஜோடி சேர்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டு பக்கங்களும் கம்பிக்குச் செங்குத்தாக, ஒரே தூரத்தில் தொடங்கி ஒரே தூரத்தில் முடிய வேண்டும். வளையம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலோ, செவ்வகத்துக்குப் பதில் முக்கோணம் கொடுத்தாலோ இந்த ரத்து அப்படியே வராது. 'விசையே இல்லை' என்று மனப்பாடம் செய்தவர் முக்கோணக் கணக்கில் மாட்டிக்கொள்வார். 'ஜோடியாகக் கழிகிறது' என்று புரிந்தவர் தப்பித்துவிடுவார்.

எண் போட்டுப் பார்ப்போம்

முன்பு சொன்ன அதே 10 ஆம்பியர் கம்பி. வளையத்தில் 5 ஆம்பியர். கம்பிக்கு இணையான பக்கத்தின் நீளம் 20 செ.மீ. அருகு பக்கம் 2 செ.மீ. தூரத்தில், தூரத்துப் பக்கம் 10 செ.மீ. தூரத்தில். அதாவது வளையத்தின் அகலம் 8 செ.மீ.

ஒரு கம்பித் துண்டின் மீதான விசை = மின்னோட்டம் × நீளம் × புலம்.

அருகு பக்கம்: 5 × 0.2 × 100 மைக்ரோடெஸ்லா = 100 மைக்ரோநியூட்டன், கம்பியை நோக்கி.

தூரத்துப் பக்கம்: 5 × 0.2 × 20 மைக்ரோடெஸ்லா = 20 மைக்ரோநியூட்டன், விலகி.

நிகர விசை: 100 − 20 = 80 மைக்ரோநியூட்டன், கம்பியை நோக்கி.

80 மைக்ரோநியூட்டன் என்பது சுமார் 8 மில்லிகிராம் எடை. ஒரு அரிசி மணியைவிடவும் லேசு! பள்ளி ஆய்வகத்தில் ஒரு வளையத்தைத் தொங்கவிட்டு, ஸ்விட்சைப் போட்டால் அது பாய்ந்து கம்பியில் ஒட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அதற்காக இந்த விசை எப்போதும் இப்படி அடக்கமாகவே இருக்கும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். அந்தக் கதைக்கு பின்னால் வருவோம்.

பொதுவாக எழுதினால் சூத்திரம் இப்படி வரும். அருகு பக்கத்தின் தூரம் d, அகலம் w, இணைப் பக்கத்தின் நீளம் ℓ என்றால்:

F = (μ₀ I i ℓ / 2π) × [ 1/d − 1/(d + w) ]

அடைப்புக்குள் இருக்கும் இரண்டு பின்னங்களில் முதலாவது ஈர்ப்பவர், இரண்டாவது விலக்குபவர். அருகில் இருப்பவர் எப்போதும் வலுவானவர் என்பதால், அருகு பக்கம் எந்தத் திசையில் இழுக்கிறதோ, மொத்த வளையமும் அந்தத் திசையில்தான் போகும்.

இப்போது அந்த நீட் கேள்வி

d = L/2, w = L, ℓ = L. அருகு பக்கம் L/2 தூரத்தில். தூரத்துப் பக்கம் எங்கே? L/2 + L = 3L/2. அடைப்புக்குள் போட்டால்:

2/L − 2/(3L) = 4/(3L)

முன்னால் உள்ள L-உடன் பெருக்கினால் L அடிபட்டுப் போகும். விடை:

F = 2μ₀Ii / 3π

கொடுக்கப்பட்டிருந்த மற்ற மூன்று விடைகள்: μ₀Ii/2π, 2μ₀IiL/3π, μ₀IiL/2π. இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள், கேள்வி எடுத்தவரின் மூளை புரியும்.

கடைசி இரண்டிலும் L இருக்கிறது. அவற்றைக் கணக்கே போடாமல் தள்ளிவிடலாம். எப்படி? μ₀-இன் அலகு நியூட்டன்/ஆம்பியர்². அதை இரண்டு மின்னோட்டங்களால் பெருக்கினாலே நியூட்டன் வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு நீளத்தைப் பெருக்கினால் அது விசையாகவே இருக்காது. 'நீளம் அதிகம்னா விசை அதிகம்தானே' என்று L-ஐத் தேடுபவர்கள் இங்கே விழுவார்கள். சதுரம் பெரிதானால் பக்கம் நீள்கிறது என்பது உண்மைதான். ஆனால் இந்தப் படத்தில் இடைவெளியும் L/2 என்று கூடவே வளர்கிறது. நீளத்தால் கூடிய விசையை, தூரத்தால் குறைந்த புலம் சரிக்கட்டிவிடுகிறது.

மிஞ்சியிருக்கும் μ₀Ii/2π தான் நிஜமான பொறி. தூரத்துப் பக்கத்தின் தூரத்தை 3L/2 என்று எடுக்காமல் L என்று எடுத்துப் பாருங்கள். அடைப்புக்குள் 2/L − 1/L = 1/L என்று வரும். விடை அச்சு அசலாக μ₀Ii/2π. அலகு சரி, வடிவம் சரி, பட்டியலிலும் இருக்கிறது. சந்தேகமே வராமல் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

எனவே, இந்த வகைக் கணக்கில் பேனா முதலில் எழுத வேண்டியது சூத்திரத்தை அல்ல. இரண்டு தூரங்களை. இரண்டும் கம்பியிலிருந்துதான் அளக்கப்பட வேண்டும், வளையத்தின் விளிம்பிலிருந்து அல்ல.

தள்ளி வைத்தால்? நடுவில் வைத்தால்?

நம் வளையத்தை அப்படியே வலப்புறம் நகர்த்தி, அருகு பக்கம் 10 செ.மீ. தூரத்திலும் தூரத்துப் பக்கம் 18 செ.மீ. தூரத்திலும் இருக்கும்படி வைப்போம். தூரம் ஐந்து மடங்கு கூடியிருக்கிறது. விசையும் ஐந்தில் ஒரு பங்கு ஆகுமா? இல்லை. கணக்குப் போட்டால் சுமார் 8.9 மைக்ரோநியூட்டன்தான். முன்பிருந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு.

புலம் குறைவதைவிட விசை ஏன் வேகமாகக் குறைகிறது? ஏனென்றால் வளையத்தின் மீதான விசை புலத்தை நம்பி இல்லை, இரண்டு ஓரங்களுக்கும் இடையே உள்ள புல வித்தியாசத்தை நம்பி இருக்கிறது. தள்ளிப் போகப் போக இரண்டு பக்கங்களும் கிட்டத்தட்ட ஒரே புலத்தைப் பார்க்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் இரு அணிகளும் சம பலம் ஆகிவிடுவது மாதிரி. ரொம்பத் தள்ளிப் போனால் விசை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும்.

அடுத்து, கொஞ்சம் விசித்திரமான ஒரு நிலை. கம்பியும் வளையமும் மின்காப்பு பூசியவை என்று வைத்துக்கொள்வோம். வளையத்தை இடப்புறமாக நகர்த்தி, கம்பி சரியாக வளையத்தின் நடுவில் ஓடும்படி வைக்கிறோம். இரு பக்கமும் 4 செ.மீ. தூரத்தில். இப்போது நிகர விசை எவ்வளவு?

'இரண்டு பக்கமும் சம தூரம், அதனால் பூஜ்யம்' என்பதுதான் முதலில் தோன்றும் பதில். ஆனால் கம்பியின் இடப்பக்கத்தில் புலம் திசை மாறி, தாளிலிருந்து வெளியே வருகிறது என்பதை மறந்துவிட்டோம். ஆம்பியரின் விதியையே வைத்துப் பார்க்கலாம். இடப்பக்கக் கம்பியில் மின்னோட்டம் மேல்நோக்கி, அதனால் அது நேர்க்கம்பியால் ஈர்க்கப்படும், அதாவது வலப்புறம். வலப்பக்கக் கம்பியில் மின்னோட்டம் கீழ்நோக்கி, அதனால் விலக்கப்படும், அதுவும் வலப்புறம்! இரண்டும் கழியவில்லை, கூடுகின்றன. 50 + 50 = 100 மைக்ரோநியூட்டன். வெளியே 2 செ.மீ. தூரத்தில் இருந்தபோது கிடைத்த 80-ஐவிட இது அதிகம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தெளிவு வரும். கம்பிக்கு வலப்புறம் இருந்தால் வளையம் இடப்புறம் வருகிறது. கம்பியைத் தாண்டி வந்துவிட்டால் மறுபடி வலப்புறம் தள்ளப்படுகிறது. ஆக, வளையம் தேடுவது ஒரே இடத்தை: ஒரே திசையில் மின்னோட்டம் ஓடும் அந்த அருகு பக்கம், கம்பியோடு ஒட்டிப் படுத்துக்கொள்ள வேண்டும். அந்த நிலையில்தான் வளையத்தின் வழியே அதிகபட்சப் புலம் சரியான திசையில் பாய்கிறது.

மின்னோட்டத்தைத் திருப்பினால் வளையம் புரளும்

வளையத்தின் மின்னோட்டத்தை மாற்றிவிட்டால் விசையின் அளவு அதே 80, திசை மட்டும் விலகி என்று மாறும். தேர்வுத் தாளில் இதுவே முழு விடை. நிஜ வளையமோ இதோடு விடாது.

புலம் தாளுக்குச் செங்குத்தாக இருப்பதால், இரண்டு நிலையிலும் திருப்பு விசை பூஜ்யம்தான். ஆனால் இரண்டு பூஜ்யங்களுக்கும் வித்தியாசம் உண்டு. ஈர்க்கப்படும் வளையம் கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டு மாதிரி. லேசாகச் சாய்த்தால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும். விலக்கப்படும் வளையம் கவிழ்த்த கிண்ணத்தின் உச்சியில் வைத்த கோலிக்குண்டு. லேசாகச் சாய்ந்தாலும் திருப்பு விசை அதை இன்னும் சாய்க்கும். சுதந்திரமாகத் தொங்கினால் வளையம் முழுசாகப் புரண்டு, மின்னோட்டத் திசை சரியாக அமைந்த பிறகு, ஈர்க்கப்பட்டு நெருங்கிவரும். 'விலகிப் போகும்' என்ற விடை, வளையம் புரளாதபடி பிடித்து வைத்திருந்தால்தான் செல்லும்.

வீட்டு மின்சாரத்தில் இது நடக்குமா?

இதுவரை பேசியது எல்லாம் நேர் மின்னோட்டம். வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மாறு மின்னோட்டம். கம்பியில் மாறு மின்னோட்டமும் வளையத்தில் பேட்டரி மின்னோட்டமும் இருந்தால், விசை நொடிக்கு 100 தடவை திசை மாறும். இழுப்பும் தள்ளலும் சமம் என்பதால் சராசரி பூஜ்யம். வளையம் நகராது, மெலிதாக அதிரும், அவ்வளவுதான். இரண்டிலும் ஒரே கட்டத்தில் மாறு மின்னோட்டம் ஓடினால் கதை வேறு. இரண்டும் சேர்ந்தே திசை மாறுவதால் விசையின் திசை மாறாது. ஈர்ப்பு ஈர்ப்பாகவே இருந்து, நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும்.

இன்னொன்று. வீட்டுச் சுவருக்குள் ஓடுவது ஒற்றைக் கம்பி அல்ல. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டி ஓடுகின்றன. இரண்டின் புலங்களும் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துவிடுவதால், சுவருக்கு வெளியே பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரை இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்டுவதும், ஒரே ஒயரைப் பிரித்துப் பிடிக்கச் சொல்வதும் இதனால்தான்.

8 மில்லிகிராமில் இருந்து 160 கிலோவுக்கு

இந்த விசை நிஜமாகவே பயமுறுத்தும் இடம் துணை மின்நிலையமும் தொழிற்சாலை மின் பலகையும். அங்கே மின்சாரம் ஒயரில் அல்ல, தடித்த செம்பு அல்லது அலுமினியப் பட்டைகளில் ஓடும். பஸ்பார் என்பார்கள். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது சில மில்லிநொடிகளுக்கு அதில் பல்லாயிரம் ஆம்பியர் பாயலாம்.

5 செ.மீ. இடைவெளியில் இரண்டு பட்டைகள், இரண்டிலும் 20,000 ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு விசை 1,600 நியூட்டன். சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றாகவே கூடுவதால், அது பத்து மடங்கானால் விசை நூறு மடங்காகும். அதுதான் இங்கே ஆபத்து. சாதாரண நாளில் அசையாமல் இருந்த பட்டை, கோளாறு வரும் அந்த ஒரு கணத்தில் வளையலாம், தாங்கும் இன்சுலேட்டர் உடையலாம். அதனால்தான் பஸ்பாரைத் தாங்கும் பிடிகளை எத்தனை இடைவெளியில் வைப்பது என்பதை வடிவமைப்பாளர்கள் தினசரி மின்னோட்டத்தை வைத்து முடிவு செய்வதில்லை. ஷார்ட் சர்க்யூட்டில் வரக்கூடிய உச்ச மின்னோட்டத்தை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அந்த 2 × 10⁻⁷ எங்கிருந்து வந்தது?

இவ்வளவு வழவழப்பான எண் இயற்கையில் தற்செயலாக வருமா என்று சந்தேகம் வந்திருந்தால், அது நியாயமான சந்தேகம். அந்த எண் மனிதர்கள் வைத்தது. முன்பு ஆம்பியருக்கு இருந்த வரையறையே இதுதான்: வெற்றிடத்தில் 1 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு நீண்ட இணைக் கம்பிகளுக்கு இடையே, மீட்டருக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் விசை உண்டானால், அவற்றில் ஓடுவது 1 ஆம்பியர்.

2019 மே 20 முதல் இது மாறிவிட்டது. இப்போது எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கு நிலையான மதிப்பு கொடுத்து, அதிலிருந்து ஆம்பியரை வரையறுக்கிறார்கள். μ₀ இனி நிர்ணயித்த எண் அல்ல, அளந்து அறிய வேண்டிய எண். ஆனால் வித்தியாசம் மிக மிக நுண்ணியது என்பதால், பிளஸ் டூ தேர்வுக்கும் பஸ்பார் வடிவமைப்புக்கும் பழைய எண்ணே தாராளமாகப் போதும்.

இந்தச் சூத்திரம் எங்கே செல்லாது?

கம்பி 'நீளமானது' என்று கேள்வியில் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. வளையத்தின் நீளத்தையும் தூரத்தையும்விட கம்பி பல மடங்கு நீளமாக இருந்தால்தான், தூரம் இரட்டித்தால் புலம் பாதி என்ற கணக்கு நிற்கும். வளையம் 10 செ.மீ. தூரத்தில், கம்பியே 15 செ.மீ.தான் என்றால் உண்மையான விசை இதைவிடக் குறைவாக இருக்கும்.

அதேபோல் வளையத்தில் ஒரு பேட்டரி மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்கிறது என்றும் எடுத்துக்கொண்டோம். பேட்டரி இல்லாத வெறும் வளையத்தை நிலையான மின்னோட்டம் ஓடும் கம்பியின் பக்கத்தில் அசையாமல் வைத்தால் விசை எதுவும் இல்லை. கம்பியின் மின்னோட்டம் கூடும்போது மட்டும் வளையத்தில் எதிர்த்திசையில் ஒரு மின்னோட்டம் தூண்டப்பட்டு, அது விலக்கப்படும். குறையும்போது ஈர்க்கப்படும். அது லென்ஸ் விதியின் ஏரியா. கேள்வியில் 'வளையத்தில் i மின்னோட்டம்' என்று கொடுத்திருக்கிறார்களா, இல்லை 'கம்பியின் மின்னோட்டம் அதிகரிக்கிறது' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்களா என்று ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுவது நல்லது. படம் இரண்டுக்கும் ஒன்றுதான். விடை வேறு.